முந்திரிக்கொட்டை டீச்சர் வாயை மூடிய நாள்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. நன்றாக ஆராய்ந்து வைத்த பெயர். எதிராளி சொல்ல வந்ததை அவருக்கு முன்பே சொல்லி முடிப்பது அம்மையாரின் பிறவிக் கடமை. கணவராக வரவிருந்தவர் ஒருநாள், "நாம ரெண்டு பேரும்..." என்று தயங்க, "கல்யாணம் பண்ணிக்கலாம், சரி" என்று டீச்சரே முடித்துவைத்ததாக வரலாறு. அன்று முதல் அந்த மனிதர் எந்த வாக்கியத்தையும் தொடங்குவதோடு நிறுத்திக்கொள்கிறார்.

அந்த வகுப்பில் வாலு என்றொரு சிறுமி. பேச்சில் புலி. புத்தகத்தைத் திறந்தாலோ எழுத்துகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்; டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடு என்று சொல்லியிருந்தார்கள். தலைமையாசிரியை தீர்ப்பை முன்கூட்டியே வாசித்துவிட்டார்: "மாசக் கடைசி வெள்ளிக்கிழமை நான் வந்து உக்காருவேன். வாசிப்புப் பாடத்துல அவ தேறலைன்னா ரெண்டாங்கிளாஸுக்கு அனுப்பிடலாம்."

வாலுவுக்கு உயிரே போய்விட்டது. "டீச்சர், அங்கே என் தம்பி இருக்கான். நான் போனா அவன் என்னை அக்கான்னே கூப்பிட மாட்டான்!"

இப்படித் திணறும் பிள்ளைகளுக்காக வாரம் ஒருநாள் வரும் சிறப்பாசிரியரிடம் டீச்சர் ஓடினார்.

"எழுத்தைப் பெரிசாக்குங்க, அப்புறம்..." என்று அவர் ஆரம்பிக்க, "ஆக்கிடறேன் சார்!" என்று டீச்சர் அந்த 'அப்புற'த்துக்குக் காத்திராமல் கிளம்பிவிட்டார்.

விளைவு, ரெண்டு பக்கப் பாடம் தலையணை கனத்துக்கு வீங்கியது. வாலு அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"டீச்சர், இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கே பேரப்பிள்ளைங்க வந்துடுவாங்க."

மறுவாரம் சிறப்பாசிரியர் அந்தத் தலையணையைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். "அம்மா, எழுத்து பெரிசாகணும், பாடம் சிறுசாகணும். கதையை நீங்க வாசிச்சுக் காட்டுங்க. அவ நாலு வரி வாசிச்சாப் போதும். அதையும் முன்னாடியே கொடுத்துப் பழக்குங்க. சிக்கலான எழுத்தைக் கண்ணால பாத்து, வாயால சத்தம் சொல்லி, விரலால மணல்ல எழுதட்டும், மூணும் ஒரே நேரத்துல. கேள்விக்கு வாயால பதில் சொன்னாப் போதும்."

"அவ்வளவுதானே!"

"இல்லை. அவ திணறும்போது நீங்க வார்த்தையை எடுத்துக் கொடுக்கக் கூடாது. கொடுத்தா படிச்சது நீங்கதான், அவ இல்லை. காத்திருங்க. ரொம்பச் சிக்கினா மணலைக் காட்டுங்க."

டீச்சருக்கு வியர்த்தது. மணல் கிடைத்துவிடும். மௌனத்துக்கு எங்கே போவது?

அந்த வெள்ளிக்கிழமை சொன்னபடி தலைமையாசிரியை வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு மேசையிலும் மணல்தட்டு. வாலுவுக்கு மட்டும் வைத்தால் அவள் கூனிக் குறுகிப் போவாளே என்று எல்லோருக்கும் வைத்திருந்தார். கதையை டீச்சர் வாசித்தார்: தோட்டக்காரரின் தொப்பியை ஆடு தின்ற கதை. பிறகு ஒரு பெரிய மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, எதற்கும் துணிந்தவராக நின்றார். வாலு எழுந்தாள். மற்ற வரிகள் கண்ணில் படாதபடி நடுவே ஒரு வரி அளவுக்கு வெட்டிய அட்டையைத் தாளின்மேல் வைத்தாள்.

"ஆடு... மெல்ல... தே..."

நின்றாள். டீச்சரின் கழுத்து நரம்பு புடைத்தது. கன்னத்தில் மிட்டாய் நொறுங்கியது.

பொறுக்காமல் வாய் திறந்தது தலைமையாசிரியைதான். "தோ..."

"ம்ம்ம்!" டீச்சர் உள்ளங்கையை நீட்டி மேலதிகாரியைத் தடுத்தார். அப்படியே மணல்தட்டைச் சுட்டினார். பணியில் சேர்ந்த நாள் முதல் தன்னை யாரும் அடக்கிப் பார்த்திராத தலைமையாசிரியை வாய் திறந்தபடியே இருந்தார்.

வாலு தாளைப் பார்த்தாள். விரல் மணலில் மெதுவாக ஓடியது. கடைசியில், 'தே'யில் விட்டுப்போன துணைக்காலையும் இழுத்தது. "தோ... ட்... டத்... தோட்டத்துக்குள்! தோட்டத்துக்குள் போனது." மிச்ச வரிகள் தடவித் தடவி வந்தன. ஆனால் வந்தன.

தலைமையாசிரியை சுதாரித்துக்கொண்டார். "தொப்பியைத் தின்ன ஆட்டை அந்தத் தோட்டக்காரர் ஏன் அடிக்கலை?"

"புதுத் தொப்பி வாங்கச் சாக்கு கிடைச்சுதே, மேடம்."

"கதையில அப்படி இல்லையே?"

"ஓட்டைத் தொப்பின்னு டீச்சர் வாசிச்சாங்களே. நீங்க கேக்கலையா?"

தலைமையாசிரியை கேட்கவில்லை. அப்போது அவர் மணல்தட்டுகளை யார் கூட்டிப் பெருக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அதை ஒப்புக்கொள்ள முடியாதவராகத் தொண்டையைச் செருமினார்.

"சரி. இங்கேயே இரு. இந்த மணல் எப்படித்தான் வேலை செய்யுதுன்னு பாப்போம்." பேனாவை எடுத்து மணலைக் கீறப் போனார்.

"பேனா கூடாது மேடம், விரல்," என்றாள் வாலு. "சத்தமாச் சொல்லிக்கிட்டே போடணும்."

தலைமையாசிரியை ஒருமுறை ஜன்னல் பக்கம் பார்த்தார். தாழ்வாரத்தில் யாரும் இல்லை. மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, விரலை மணலில் புதைத்து, "தோ..." என்று இழுத்தார்.

"இன்னும் சத்தமா," என்றாள் வாலு.