சூடு பட்டால் வரும் வாடை

ஏப்ரல் 7: கொடுத்த துண்டு 120, திரும்பியது 4.
ஏப்ரல் 21: கொடுத்தது 120, திரும்பியது 11.
மே 5: கொடுத்தது 120, திரும்பியது 19.
மே 19: கொடுத்தது 120, திரும்பியது 38.
ஜூன் 2: முதல் கடிதம்.

என் தங்கை ஒரு சின்னச் சலவையகம் நடத்துகிறாள். அதன் வரவு, போக்கு எல்லாம் எழுதுவது நான். மேலே உள்ளது, முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் சிகிச்சை தரும் ஒரு நிலையத்துக்கு அவள் துவைத்துக் கொடுத்த துண்டுகளுக்கும், சரியில்லையென்று திரும்பி வந்தவற்றுக்குமான கணக்கு. துண்டுகளில் பூஞ்சை வாடை வருகிறது, ஜூலை முடிவதற்குள் சரியாகாவிட்டால் வேறிடம் பார்த்துக்கொள்வோம் என்று அந்தக் கடிதத்தில் இருந்தது. துண்டும் படுக்கை விரிப்புமாக, அவளுக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் அந்த நிலையத்துடையது. அது போனால் கடையை மூட வேண்டியதுதான்.

அவள் பத்தொன்பது ஆண்டுகள் ஆடைத் தொழிற்சாலையில் இஸ்திரிப் பிரிவில் நின்றவள். தொழிற்சாலை மூடியபோது, ஒரு மாணவர் விடுதி விற்ற இரண்டு வாஷிங் மெஷின்களை வாங்கினாள். இரண்டும் முன்பக்கம் கதவு உள்ளவை. ஒடுங்கலான ஒரு அறையில் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதிரே இஸ்திரி மேசையைப் போட்டாள். நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போகலாம். தெருவில் அவளுக்கு நுரையக்கா என்று பெயர். கண்ணாடிக் கதவுக்குள் நுரை பொங்கினால்தான் துணி வெளுக்கிறது என்பது அவள் எண்ணம். நுரை குறைந்தால் இன்னொரு கரண்டி பவுடர் போடுவாள்.

கடிதம் வந்ததும் பவுடரைக் கூட்டினாள். கடைசி அலசலில் ஊற்றும் வாசனைத் திரவத்தையும் இரட்டிப்பாக்கினாள். காய்ந்த துண்டை என் மூக்கருகே நீட்டினாள்.

"மோந்து பாருண்ணே. பூக்கடை மாதிரி மணக்குது. இதுல எங்க வாடை? அவங்களுக்கு ஆகாதுன்னா நேரா சொல்லிட்டுப் போகட்டும்."

எனக்கும் மணமாகத்தான் இருந்தது. சண்டை போடுகிற வேகத்தில் நிலையத்துக்குக் கிளம்பினாள். நானும் கணக்கோடு போனேன். அங்கே பொறுப்பில் இருந்த பெண்மணி எதுவும் வாதாடவில்லை. எங்கள் கட்டிலிருந்தே ஒரு துண்டை உருவினார். நோயாளியின் முதுகில் வைக்கும் ஒத்தடப் பையை வெந்நீரிலிருந்து எடுத்து அதில் சுற்றினார்.

"இப்ப பாருங்கம்மா."

ஆவி எழுந்தது. பூ மணம் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே, ஊறப்போட்டு மறந்துவிட்ட துணியின் முடை வந்தது. தங்கை துண்டை முகத்தருகே கொண்டுபோய் மறுபடி மோந்தாள். காய்ந்திருக்கும்போது அடங்கிக் கிடந்த வாடை ஈரமும் சூடும் பட்டதும் எழுகிறது. நாங்கள் ஒருநாளும் துண்டை நனைத்து மோந்து பார்த்ததில்லை.

"என் மூக்கை நம்பித்தானே உங்ககிட்ட சத்தம் போட வந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மெஷின் பழுதுபார்ப்பவர் வந்தார். கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தின் மடிப்பைப் பிரித்தார். உள்ளே கறுப்பு வழவழப்பு, தேங்கிய தண்ணீர், ஒற்றைக் காலுறை.

"என்னக்கா, மீன் வளர்க்கிறீங்களா?"

"கிண்டல் இருக்கட்டும். தினம் சோப்புத் தண்ணி ஓடுற இடம். இதுல எப்படிய்யா அழுக்கு சேரும்?"

"சோப்புதான்க்கா அழுக்கே. இந்த மெஷின் கொஞ்சத் தண்ணியிலதான் துவைக்கும். நீங்க போடுற பவுடர் முழுசா அலசிப் போகாது. வாசனைத் தண்ணி வேற பிசுபிசுன்னு ஒட்டிக்கும். நீங்க பாக்குற டிரம்முக்கு வெளிய இன்னொரு தொட்டி இருக்கு, அது கண்ணுக்குத் தெரியாது. அதுல இதெல்லாம் ஏடு மாதிரி படிஞ்சிருக்கும். எப்பவும் பச்சைத் தண்ணியிலதானே ஓட்டுறீங்க?"

"கரண்டு மிச்சமாகும்னு..."

"அப்போ கிருமிக்கு நல்ல சாப்பாடு."

அன்று மாலை முழுக்க இரண்டு மெஷினையும் சுத்தம் செய்வதே அவள் வேலையாக இருந்தது. பவுடர் போடும் இழுப்பறையைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்தாள். அது நுழையும் பொந்தின் மேற்புறத்தில்கூடக் கறுப்பு இருந்தது. மெஷினின் கீழ்மூலையில் உள்ள சின்னக் கதவைத் திறந்து, குழாய் வழியாக மிச்சத் தண்ணீரைத் தட்டில் இறக்கிய பிறகே வடிகட்டியைத் திருகி எடுத்தாள். பஞ்சும் பொத்தானும் வந்தன. ரப்பர் மடிப்பை விரலில் துணி சுற்றித் துடைத்தாள். வேகம் தாங்காமல் பிளீச்சையும் வினிகரையும் ஒன்றாகக் கையில் எடுத்தாள். பழுதுபார்ப்பவர் பறித்துக்கொண்டார். "ரெண்டும் சேர்ந்தா விஷக் காத்து வரும். இதுக்கு ரெண்டுமே வேண்டாம்." குளோரின் இல்லாத ஆக்சிஜன் பிளீச் தூளை வெறும் டிரம்மில் போட்டு, துணி இல்லாமல், இருப்பதிலேயே அதிகச் சூட்டில் ஓட்டச் சொன்னார்.

கண்ணாடி வழியாகச் சாம்பல் நிறச் செதில்கள் சுற்றுவது தெரிந்தது. தண்ணீர் தெளிகிறவரை மூன்று முறை ஓட்டினாள். துண்டுகளையும் அதே தூளோடு அறுபது டிகிரியில் துவைத்தாள். பவுடர் பாதியாயிற்று, வாசனைத் திரவம் நின்றது. முடிந்ததும் துணியை உடனே எடுத்து, கதவையும் இழுப்பறையையும் திறந்து போட்டாள். வெந்நீர் ஊற்றிச் சோதித்தாள். வாடை இல்லை.

மூன்று வாரத்தில் வாடை திரும்ப வந்தது. ஜூலையும் முடிந்தது. ஆகஸ்ட் 1 அன்று வந்த இரண்டாம் கடிதம், வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னது.

"எல்லாம் ஒழுங்காத்தானே செஞ்சேன்" என்று அன்று அவள் பத்து முறையாவது சொல்லியிருப்பாள். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே மெஷின் பக்கம் கையைக் காட்டியவள் நிறுத்தினாள். கதவு மூடியிருந்தது. அரைமணி முன்பு அவள்தான் திறந்து போட்டுவிட்டு மாடிக்குத் துணி காயப்போடப் போனாள்.

மூடியவர் அவள் கணவர். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். துணிக்கட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. ஒவ்வொரு முறை கடைக்குள் வரும்போதும் அனிச்சையாக மெஷின் கதவைச் சாத்தியிருக்கிறார்.

"முப்பது வருஷம் கதவு திறந்திருக்க வண்டிய நகர்த்துனதில்ல. கண்ணுல பட்டா கை தானா போகுது. முட்டியில வேற இடிக்குது."

"இது ஓடுற வண்டியா? ஈரத்தை உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்களே! ஒருத்தி தேய்ச்சு தேய்ச்சு கை போச்சு!"

"சொல்லியிருந்தா தெரியும். நீ அண்ணன்கிட்டதான் எல்லாம் சொல்ற."

இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நடுவில் நான்.

"மாப்பிள்ளை, டிப்போல ராத்திரி வண்டிய நிறுத்துனா கதவை என்ன பண்ணுவீங்க?"

"திறந்துதான் போடுவோம். கூட்டிக் கழுவுவாங்க, உள்ள காயணுமே..." என்றவர் பாதியில் நிறுத்தி, மெஷினைப் பார்த்தார். "சரி. துணி இறங்கிட்டா இது டிப்போல நிக்குது. அவ்வளவுதானே?"

அன்றிலிருந்து, துணி எடுத்ததும் ரப்பர் மடிப்பைத் துடைப்பவர் அவர்தான். "வண்டி ஷெட்டுல" என்று குரல் கொடுப்பார். மாதம் ஒருமுறை வெறும் டிரம்மைச் சூட்டில் ஓட்டும் நாளையும் அவரே எடுத்துக்கொண்டார்.

தங்கை மறுபடியும் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். மற்றவர்கள் கொடுத்த கட்டு ஒவ்வொன்றிலும் ஒரு துணியை உருவி, வெந்நீர் ஊற்றி மோந்து பார்த்த பிறகே மற்றதை மடித்தாள். செப்டம்பரில் சொந்தக் காசில் வாங்கித் துவைத்த பத்துத் துண்டுகளை நிலையத்துக்கு அனுப்பினாள். "காசு வேண்டாம், ஒத்தடப் பையில சுத்திப் பாருங்க" என்று மட்டும் என்னை எழுதச் சொன்னாள். பதில் வரவில்லை. அவள் இன்னும் பத்து அனுப்பினாள்.

ஒருநாள் இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்: "மணந்தா சுத்தம்னு நெனச்சுட்டேன்ணே. ஒரு வாடையும் இல்லாம இருக்குறதுதான் சுத்தம். அதை எப்படி விக்கிறதுன்னுதான் தெரியல."

துண்டுகளை மட்டும் திங்கட்கிழமையிலிருந்து அனுப்புகிறோம், படுக்கை விரிப்புகள் இப்போதைய இடத்திலேயே இருக்கட்டும் என்று நிலையம் எழுதியது. பாதி வேலைதான், ஆனால் கடையை மூட வேண்டியதில்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்தது அக்டோபர் 17.