ஆஸ்லினின் வெள்ளிக்கிழமைக் கடிதம்

பாம்பனில் பிறந்து மென்பொருள் எழுதப் போனவர்கள் பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூரிலோ போய் ஒட்டிக்கொண்டவர்கள்தான். ஆஸ்லின் மட்டும் ஐந்து வருடம் சென்னையில் வேலை பார்த்துவிட்டு, இந்த ஊர் உப்புக்காற்றே போதும் என்று திரும்பி வந்தாள். ராமநாதபுரத்தில் வினோத்குமார் என்பவர் ஒரு மாடியறையில் நாலு கணினியை வைத்து நடத்திய சிறிய கம்பெனியில் சேர்ந்தாள். காலையில் பாலத்தைத் தாண்டும் பஸ்ஸில் போய் மாலையில் அதே பஸ்ஸில் திரும்பினாள். இருபத்தெட்டு வயது. யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாத பெண், ஆனால் வேலையில் ஒரு புள்ளி தவறினாலும் பொறுக்கமாட்டாள்.

சென்னையிலிருந்து அவள் கொண்டுவந்த சொத்து என்று ஒன்று உண்டென்றால் அது வெள்ளிக்கிழமைக் கடிதம்தான். வாரம் முழுக்கச் செய்த வேலையை வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் எழுதிவிட வேண்டும். முதலில் முடிந்தவை, படத்தோடு. அடுத்து எது தடையாக நிற்கிறது, யாரால் நிற்கிறது என்பது. கடைசியில் அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு, அதற்கு ஒரு தேதி. அந்தத் தேதிக்குள் பதில் வராவிட்டால் நாங்கள் இப்படிச் செய்துவிடுவோம் என்று ஒரு வரி. அப்படி ஒரு வரி இல்லாவிட்டால் எந்த வேலையும் நகராது என்று சென்னையில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வினோத்குமாருக்கும் அந்தக் கடிதம் ரொம்பப் பிடித்துப் போயிற்று. போனில் பேசினால் சாட்சி இல்லை, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும் என்பது அவருடைய வேதம்.

அந்த வருடம் வந்த வேலை அவளுடைய சொந்த ஊர் வேலை. பாம்பன் நாட்டுப்படகு மீனவர் சங்கம் ஒன்றுக்கு ஒரு செயலி. கடலுக்குப் போகும்முன் படகுக்காரர் போனில் ஒரு பொத்தானை அழுத்தி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போவார். வந்ததும் ‘கரை சேர்ந்தாச்சு’ என்ற பொத்தானை அழுத்துவார். சொன்ன நேரம் தாண்டி இரண்டு மணி நேரமாகியும் அந்தப் பொத்தான் அழுத்தப்படாவிட்டால், வீட்டுக்கும் சங்கத்துக்கும் தகவல் போகும். கடலில் சிக்னல் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை, கணக்குப் பார்ப்பது கரையிலிருக்கும் சர்வர். பணம் வெளியூர் அறக்கட்டளை கொடுத்தது. சங்கத்தின் சார்பில் பேசியவர் செயலாளர் ரெக்ஸ். ஆஸ்லின் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி இருப்பவர், அவளுக்கு மாமா முறை.

தகவல் குறுஞ்செய்தியாகத்தான் போக வேண்டும். பாதி வீடுகளில் பெண்கள் கையில் இருப்பது பட்டன் போன். ஆனால் ஒரு சங்கம் தன் பெயரில் இப்படிக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டுமென்றால் தொலைபேசி நிறுவனங்களிடம் முதலில் பதிவு செய்ய வேண்டும். சங்கத்தின் பதிவுச் சான்றிதழ், பான் கார்டு, ஒப்புதல் கடிதம் எல்லாம் கேட்பார்கள். அனுப்பப்போகும் வாசகத்துக்கும் அனுமதி வாங்க வேண்டும். இதைத் தடை என்ற தலைப்பின் கீழ் மூன்று வெள்ளிக்கிழமை எழுதினாள். காகிதங்கள் வரவில்லை.

நாலாவது வெள்ளிக்கிழமை எழுதிய கடிதம்தான் அவள் வாழ்க்கையை இரண்டாக வெட்டியது. மேலே ஒன்பது படங்கள், பொத்தான்கள் பச்சையும் சிவப்புமாக அழகாக இருந்தன. அதன் கீழே, குறுஞ்செய்தி இன்னும் இயங்கவில்லை என்று நாலாவது வரியில். அதற்கும் கீழே முடிவு தேவை என்று ஒரு கேள்வி. குறுஞ்செய்தி வரும்வரை தொடக்கத்தைத் தள்ளிப்போடலாமா, அல்லது செயலி உள்ள போன்களுக்கு மட்டும் அறிவிப்புப் போகும்படி தொடங்கிவிடலாமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் இல்லையென்றால் இரண்டாவது வழியில் தொடங்குகிறோம். எல்லாம் ஆங்கிலத்தில், மரியாதையாக, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.

பத்து நிமிடத்தில் ரெக்ஸிடமிருந்து பதில் வந்தது. ‘சூப்பர்மா. திங்கக்கிழமை ஆரம்பிச்சுருவோம்.’

கேள்விக்கு அது பதிலா என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ரெக்ஸ் நின்று சிரித்தார், படமெல்லாம் பிரமாதம் என்றார். மாமா, கீழே ஒரு கேள்வி இருந்ததே, பார்த்தீகளா என்று அங்கேயே கேட்டிருக்கலாம். ஆபீஸ் விஷயத்தைக் கோயில் வாசலில் பேசுவானேன் என்று விட்டுவிட்டாள். கெடு முடிந்தது. அவள் கடிதத்தின்படி அது சம்மதம்.

திங்கட்கிழமை சங்கக் கட்டடத்தில் தொடக்கம். பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஹெலன், தன் பட்டன் போனைத் தூக்கிக் காட்டி, இதுக்கும் மெசேஜ் வருமா என்று கேட்டாள். வரும்த்தா, எல்லாத்துக்கும் வரும், படகு லேட்டுன்னா ஒடனே வந்துரும் என்றார் ரெக்ஸ். ஆஸ்லின் மடிக்கணினியோடு பக்கத்தில்தான் நின்றாள். நாலு நாளில் காகிதம் கொடுத்துவிடுவார்கள், ஒரு வாரத்தில் வந்துவிடும், இத்தனை பேர் நடுவில் செயலாளரை மறுத்துப் பேச வேண்டாம் என்று நினைத்தாள். வாயைத் திறக்கவில்லை. இந்தப் பாவத்தை அவள் யார் தலையிலும் ஏற்றியதில்லை, நானும் ஏற்றப் போவதில்லை.

அடுத்த வாரம் புதன்கிழமை விடியற்காலையில் ஹெலனின் கணவர் கிளாட்சன் பொத்தானை அழுத்தி, பன்னிரண்டு மணிக்குத் திரும்புவேன் என்று போட்டுவிட்டுப் போனார். கூட ஒரே ஆள், சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து படகு வேலைக்கு வந்த பிரபாகரன். பத்து மணி வாக்கில் அடித்த காற்றில் படகு கவிழ்ந்தது.

இரண்டு மணிக்குச் சர்வர் தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஹெலன் போனில் செயலி கிடையாது, அதனால் அங்கே எதுவும் போகவில்லை. சங்கத்துப் போனுக்குப் போயிற்று. மீன் ஏலம் முடிந்து கதவைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போயிருந்தார்கள். போன் மேசை டிராயருக்குள் ஒருமுறை ஒலித்துவிட்டு அடங்கியது.

முன்பெல்லாம் ஹெலன் கிளாட்சன் வர அரைமணி தாமதமானாலே கரைக்குப் போய், வந்த படகுக்காரர்களையெல்லாம் பிடித்து விசாரிப்பவள். அதற்காகக் கேலிப் பேச்சும் வாங்கியிருக்கிறாள். அன்றைக்கு அவள் வீட்டிலேயே இருந்தாள். துணி துவைத்தாள், பிள்ளைக்குச் சோறு போட்டாள், ஒவ்வொரு அரைமணிக்கும் போனை எடுத்துப் பார்த்தாள். ஆறு மணிக்குத்தான் மனசு கேட்காமல் கரைக்குப் போனாள். படகுகளைத் திரட்டுவதற்குள் இருட்டிவிட்டது.

மறுநாள் காலையில் பிரபாகரனை மட்டும் ஐஸ் பெட்டியைப் பிடித்தபடி மிதக்கக் கண்டுபிடித்தார்கள். பொழுது சாயும் வரை கிளாட்சனும் அதே பெட்டியைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார் என்று அவன் சொன்னான். இந்நேரம் வீட்டுக்குத் தகவல் போயிருக்கும், இப்போ வந்துருவாக என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். கிளாட்சன் கிடைக்கவில்லை.

செய்தி கேட்டதும் வினோத்குமாருக்குக் கடிதம்தான் ஞாபகம் வந்தது. அந்த வெள்ளிக்கிழமைக் கடிதத்தைத் தேதியோடு அறக்கட்டளைக்கும் சங்கத்துக்கும் உடனே மறுபடி அனுப்பச் சொன்னார். நம்ம மேல ஒரு தப்பும் இல்லைன்னு எழுத்துல இருக்கு ஆஸ்லின், அந்தக் கடுதாசிதான் நம்மளக் காப்பாத்துச்சு என்றார். அவர் கெட்டவரில்லை, பயந்தவர்.

ஆஸ்லின் அனுப்பவில்லை. அச்செடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஹெலன் வீட்டுக்குப் போனாள். ஜெபத்துக்கு வந்தவர்கள் கலைந்திருந்தார்கள். ரெக்ஸ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நாலு நாள் தாடியோடு உட்கார்ந்திருந்தார். மெசேஜ் ஏன் வரவில்லை என்று ஹெலன் கேட்டாள். ஆஸ்லின் தாளை எடுத்து, அந்த நாலாவது வரியையும் அதன் கீழிருந்த கேள்வியையும் தமிழில் சொன்னாள். அவ்வளவு கீழே அப்படி ஒன்று இருந்ததே தனக்குத் தெரியாது என்று ரெக்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். படத்தைப் பார்த்துவிட்டுப் போனை மூடிவிட்டேன் என்றார்.

“இது யாருக்கு எழுதுனது?” என்று ஹெலன் கேட்டாள்.

“மாமாவுக்கு, அக்கா.”

“மெசேஜு வரலைன்னா அவுக நல்லாருக்காகன்னுதான நா வீட்ல கெடந்தேன். எனக்கு யாரு எழுதுனா?”

ஆஸ்லின் தாளை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தாள். அந்தத் தாளை வெளியே எடுத்ததற்கே அவமானமாக இருந்தது.

ஒரு மாதத்துக்கு மேலாக வராத காகிதங்கள் அன்று மாலையே ரெக்ஸ் கையால் வந்தன. ஆஸ்லின் அவற்றைக் கொண்டு பதிவை முடித்து, வாசகத்துக்கும் அனுமதி வாங்கினாள். அடுத்த வாரம் வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்குக் குறுஞ்செய்தி வசதியைத் திறந்துவிட்டாள். இனி ஒரு வீடும் இப்படி ஆகக்கூடாது என்ற அவசரம். அவசரத்தில் ஒன்றைப் பார்க்கவில்லை. கிளாட்சனின் பயணம் சர்வரில் இன்னும் முடியவில்லை. ‘கரை சேர்ந்தாச்சு’ என்று யாரும் அழுத்தவில்லையே. வாசல் திறந்ததும் சர்வர், போகாமல் தேங்கிக் கிடந்த தகவலை முதல் வேலையாக அனுப்பி வைத்தது.

மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஹெலன் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். போனை நீட்டினாள். சின்னத் திரையில் தமிழில் இருந்தது. கிளாட்சன் படகு குறித்த நேரத்தில் கரை திரும்பவில்லை, உடனே சங்கத்தைத் தொடர்பு கொள்ளவும்.

எட்டு நாள் தாமதம். ஆஸ்லின் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். ஹெலன் அழவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள்.

“இனிமே வராம இத நிப்பாட்டிருவியா?” என்று கேட்டாள்.

“நிப்பாட்டணும்னா பயணத்த முடிக்கணும் அக்கா. ‘கரை சேர்ந்தாச்சு’ன்னு ஒரு பொத்தான்தான் வச்சிருக்கேன்.”

“அத நீ அழுத்திராத,” என்றாள் ஹெலன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆஸ்லின் முதன்முறையாகக் கடிதத்தைத் தமிழில் எழுதினாள். படம் வைக்கவில்லை. முதல் வரியிலேயே முடிவு தேவை என்று போட்டு, திரும்பி வராத படகின் பயணத்தை எந்தச் சொல்லால் முடிப்பது என்று கேட்டாள். குறுஞ்செய்தி இயங்குகிறது என்பதைக் கடைசியில் ஒரே வரியில் சொன்னாள். அனுப்பிவிட்டு ரெக்ஸுக்குப் போன் போட்டு, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள்.

பதில் வராவிட்டால் நாங்கள் இப்படிச் செய்துவிடுவோம் என்று வழக்கமாகக் கடைசியில் எழுதும் அந்த வரியை அவள் எழுதவில்லை. தேதியும் போடவில்லை. ரெக்ஸ் ஏதாவது சொல்லட்டும் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.