என் மொட்டைக் கடிதம்

2024 ஜூன் 4, செவ்வாய்க்கிழமை, காலை பத்து பத்து. தலவாக்கலையில் தூறல், எதிர்மலை தெரியவில்லை. தேயிலைத் தோட்டக் கம்பெனி அலுவலகத்தில் நாங்கள் மூன்று பேர்: பணியாளர் நிர்வாகத்தைப் பார்க்கும் மிஸ், தொழிலாளர் சார்பில் வந்த கொழுந்து பறிக்கும் அம்மா, நான். முப்பத்தெட்டு வருடம் இந்தக் கம்பெனியில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், முறைகேட்டைத் தெரிவிப்பவருக்குப் பாதுகாப்புத் தரும் விதிகளை எழுத என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பதினொரு பக்கம், நாற்பத்து மூன்று விதிகள். ஏதாவது ஒன்றில் ஓட்டை இருக்கும் என்று நான்கு இரவு தூங்கவில்லை.

விதிகளைச் சோதித்துப் பார்க்க, நானே பெயரில்லாமல், உர மூட்டை திருடு போவதாக ஒரு கற்பனைப் புகாரை டைப் அடித்து, முதல் நாள் தபாலில் போட்டிருந்தேன். என் வரைவின்படி வரும் கடிதத்தைக் குழு முன் அப்படியே வாசிக்க வேண்டும். மிஸ் வாசித்தார். பாதிகூட முடியவில்லை, அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இது நம்ம ஐயா எழுதினதுங்க."

"எப்படிச் சொல்றீங்க?" என்றேன்.

"'இருபத்தி மூணு மூட்டையில நாலு மூட்டை, ஆறு தடவை'ன்னு வேற யாரு எழுதுவா? நாங்கன்னா 'எப்பப் பார்த்தாலும் திருடுறாங்க'ன்னுதான் சொல்லுவோம்."

மிஸ் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் தாமதமாக. ஆனால் அந்த அம்மா அத்தோடு விடவில்லை.

"உங்களக் கண்டுபிடிச்சா சிரிச்சிட்டு விட்ருவோம். எங்கள்ல ஒருத்தியக் கண்டுபிடிச்சா, மறுநாள் காலையில வேலை பிரிச்சுக் குடுக்குற பெரட்டுலயே கொழுந்து இல்லாத தூர மலைக்கு அனுப்பிருவாங்க. கையெழுத்த மறைச்சா போதுமா? சொல்ற சேதியே ஆளக் காட்டிக் குடுத்துருதே."

அன்று மாலைக்குள் பத்தொன்பது விதிகளைத் திருத்தினோம். மூலக் கடிதத்தை மிஸ் மட்டும் பார்ப்பார். மற்றவர்களுக்கு ஆளைக் காட்டும் விவரங்கள் நீக்கிய சுருக்கம்தான். மிஸ் மீதே புகார் என்றால், அது நேராக இயக்குநர் சபையின் கணக்காய்வுக் குழுத் தலைவருக்குப் போகும். எழுதத் தெரியாதவர்களுக்கு, கம்பெனியைச் சேராத ஒருவர் எடுக்கும் தொலைபேசி. அழைப்பவரின் எண் அதில் பதிவாகாது. பெயர் சொல்லாதவருக்கு ஓர் இலக்கம் தரப்படும். அதைச் சொல்லி மறுபடி அழைத்தால் பதில் கிடைக்கும், நாமும் கேள்வி கேட்கலாம். ஒன்று, இரண்டு என்று வரிசையாகப் போடலாம் என்றேன்.

"வேணாம் சேர். வரிசை இருந்தா, எது முதல்ல வந்துச்சுன்னு எண்ணிருவாங்க," என்றார் மிஸ்.

எண்ணுகிறவனிடமே சொல்கிறார்.

யாரென்றே தெரியாதவரை எப்படிப் பழிவாங்காமல் காப்பது என்பதில்தான் அதிக நேரம் போனது. கடைசியில், புகார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்தத் தோட்டத்தில் யாரை வேலை மாற்றினாலும் அந்தத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை எழுத்தில் காரணம் தர வேண்டும் என்று வைத்தோம். நல்லெண்ணத்தில் சொன்னது தவறாகப் போனாலும் தண்டனை இல்லை. தெரிவித்தவரைத் தேடுவதே குற்றம்.

ஓகஸ்டில் முதல் புகார் வந்தது. ஓரிடத்தில் கொழுந்து நிறுக்கும் தராசு குறைத்துக் காட்டுகிறது. மிஸ் தந்த சுருக்கத்தில் அவ்வளவுதான். பறித்தது எத்தனை கிலோ, எந்த நாள், எதுவும் இல்லை. கேட்கத் துடித்தேன், கேட்கவில்லை.

அந்த ஒரு தராசை மட்டும் சோதித்தால், சொன்னவர் அந்த மலைக்காரர் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரிந்துவிடும். ஆகவே கம்பெனித் தோட்டங்களில் உள்ள ஒன்பது தராசையும் ஒரே நாளில் பார்ப்பதென்று முடிவாயிற்று. மூன்று மிஸ்ஸுக்கு, மூன்று கொழும்பிலிருந்து வந்த கணக்காய்வாளருக்கு, மூன்று எனக்கு. முத்திரையிட்ட பத்துக் கிலோ படிக்கல்லை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் அக்கரப்பத்தனைப் பக்கம் போனேன். எனக்குக் கிடைத்த மூன்றில் இரண்டு குறைத்துக் காட்டின. ஒன்பதில் மொத்தம் நான்கு.

நாலும் சரிசெய்யப்பட்டன. அந்த நான்கு இடத்திலும் எல்லாருக்கும் குறைந்துபோன கூலி நிலுவை கொடுக்கப்பட்டது. எந்த இடத்திலிருந்து புகார் வந்தது என்று ஊரெல்லாம் பந்தயம் கட்டினார்கள். கங்காணி ஒருவர் என்னைக் கடைத்தெருவில் மறித்தார்.

"ஐயா, சும்மா சொல்லுங்க. யாரு அது?"

"எனக்கே தெரியாதுப்பா."

"உங்களுக்கா தெரியாது?"

அவர் நம்பவில்லை. உண்மையைச் சொல்லியும் நம்பப்படாதது அன்று எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. அடுத்த மாதம் அதே இலக்கத்தைச் சொல்லி யாரோ அழைத்து, "இன்னும் அதே மலையிலதான் கொழுந்து எடுக்குறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டதாக மிஸ் சொன்னார்.

தராசு பார்க்கக் கம்பெனி வண்டியில் போயிருந்தால் டிரைவர் முன்கூட்டியே தோட்டத்துக்குப் போன் போட்டிருப்பார். ஆட்டோச் செலவைக் கேட்டிருந்தால் போன காரணத்தை எழுதியிருக்க வேண்டும். அந்தத் தாள் ஐந்து கை மாறும். கேட்கவில்லை. நாள் முழுக்க ஆட்டோ ஆறாயிரத்து ஐந்நூறு, தேத்தண்ணி இருநூற்று நாற்பது. மொத்தம் என் கைக்காசு ஆறாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய்.