முன்பணம் கேட்கத் தெரிந்தவன்

என் தம்பிக்குக் கை பேசும், வாய் பேசாது. சுவரை மூன்று முறை அளப்பான், சந்தேகத்துக்கு நான்காவது முறையும் அளப்பான். அதனால் பட்டறைப் பக்கம் எல்லோருக்கும் அவன் 'அளவு'. ஒவ்வொரு வீட்டுச் சுவருக்கும் தக்கபடி அலமாரி செய்து பொருத்துவது பிழைப்பு. பத்து வருஷம் ஒரு முதலாளியிடம் கூலிக்கு உழைத்த சேமிப்பில் அறுவை மெஷின் ஒன்று வாங்கிச் சொந்தப் பட்டறை போட்டான். "இனிமே எவன்கிட்டயும் கைகட்டி நிக்க மாட்டேன்க்கா" என்றான். அவன் ஆயுளில் பேசிய பெரிய பேச்சு அதுதான். எஸ்டிமேட் எழுதுவதும் போன் எடுப்பதும் என் பொறுப்பாயிற்று.

எங்கள் வீட்டு முன்னறையில் ஓர் அலமாரி நிற்கிறது. ஒரு பக்கம் ஆளுயரம், மறுபக்கம் முழங்கால் உயரம். மாடிப்படிக்குக் கீழே வைக்க ஒருவர் கேட்டு, தம்பி ஆசை ஆசையாகச் செய்தது. முன்பணம் கேட்டாயா என்றேன். "பெரிய மனுஷன்க்கா, கேட்டா தப்பா நெனப்பாரு" என்றான். பெரிய மனுஷன் வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு போய்விட்டார், போனையும் எடுக்கவில்லை. அந்தச் சரிந்த அலமாரி உலகத்தில் வேறு எந்த வீட்டுக்கும் பொருந்தாது. எங்கள் வீட்டுக்கும் பொருந்தவில்லை. அதன் தலைக்கு மேல் இருக்கும் வெற்றுச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அதற்குப் பிறகு வந்தவர்களிடம் கேட்டான். எப்படி? பின்கழுத்தைச் சொறிந்துகொண்டு, "கொஞ்சம்... பணம் கிணம் இருந்தா..." என்பான். கடன் கேட்பவன் முகம் அப்படித்தான் இருக்கும். வந்தவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று நழுவினார்கள்.

அப்புறம்தான் நான் உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். விலையைச் சொல்கிற அதே மூச்சில் முன்பணத்தையும் சொல். கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டால்தான் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும். எல்லோருக்கும் ஒரே கணக்குதான் என்று சொல். அந்தப் பணம் என்னவாகப் போகிறது என்று சொல். அவர்கள் பக்கத்துக்கு நாம் என்ன உறுதி தருகிறோம் என்பதையும் தாளில் எழுதிக் கொடு. பாதி முன்பணம், அலமாரி வீட்டுக்கு வந்ததும் கால் பங்கு, பொருத்தி முடித்ததும் மீதி. பலகையை அறுப்பதற்கு முன் வேண்டாமென்றால் முன்பணம் முழுசாகத் திரும்பும். இதை என் கையாலேயே எழுதி நூறு பிரதி எடுத்து வைத்தேன். தம்பி கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்தான்.

அந்த அம்மாள் வந்தது அதற்கப்புறம். ஓய்வு பெற்ற நர்ஸ். அவருடைய கணவருக்குப் பக்கவாதம் வந்து சக்கர நாற்காலி. உட்கார்ந்தபடியே தட்டு, டம்ளர், மருந்து எல்லாம் அவர் கைக்கு எட்டுகிற மாதிரி சமையலறை முழுக்கத் தாழ்வான அலமாரி வேண்டும். "எதுக்கெடுத்தாலும் என்னைக் கூப்பிட வேண்டியிருக்குன்னு அவருக்கு அழுகையா வருதுப்பா" என்றார். தம்பி அவர்கள் வீட்டுக்குப் போய், நாற்காலியில் தானே உட்கார்ந்து கை நீட்டிப் பார்த்து அளவு எடுத்தான். நானும் கூடப் போயிருந்தேன்.

விலையைச் சொன்னான். நிறுத்தாமல் தொடர்ந்தான். "இதுல பாதி முன்பணம்மா. யாரு வந்தாலும் எங்க பட்டறையில இதுதான் வழக்கம். இது ஐயா கைக்குன்னே எடுத்த அளவு. அறுத்துட்டா அந்தப் பலகை வேற ஒரு வீட்டுக்கும் ஆகாது. உங்க பணம் அப்படியே உங்க பலகையா மாறும். வேணும்னா கடைக்கு நீங்களே வாங்க, உங்க பேர்லயே பில் போடச் சொல்றேன்."

அம்மாள் தம்பி நீட்டிய தாளை வாங்கிப் படித்தார். பிறகு, "டைல்ஸ் ஒட்டறேன்னு ஒருத்தன் முன்பணம் வாங்கிட்டுப் போனவன்தான், இன்னும் வரல. இனிமே யாருக்கும் தர மாட்டேன்னு இருந்தேன்" என்றார். உள்ளே போய்ப் பணத்தைக் கொண்டுவந்தார். "கடைக்கெல்லாம் நான் வர வேண்டாம். நீ சொன்ன விதமே போதும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதே வாரம் ஒரு பல் டாக்டரின் மருத்துவமனைக்குச் செய்துகொண்டிருந்த வேலை பாதியில் நின்றது. டாக்டர் நடுவில், "இன்னும் நாலு டிராயர் சேத்துடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அதற்குத் தனிக்காசு என்று கேட்க இவனுக்கு வாய் வரவில்லை. நான் மனப்பாடம் செய்ய வைத்ததில் அந்தப் பகுதி இல்லையே. கீலும் டிராயர் ஓடும் தண்டவாளமும் வாங்கக் கையில் பணமில்லை. மாட்டி முடித்தால் மூன்றே நாளில் மீதி முழுக்க வரும்.

"நர்ஸ் அம்மா பணம் இருக்கு. ஆனா அது அவங்க பலகைக்குக்கா" என்றான்.

"மூணு நாள்தானே. எடு, வந்ததும் வெச்சுடலாம்" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். அவன் எடுக்க மாட்டேன் என்று நின்றான், நான்தான் பணம் வைத்திருந்த அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

வேலை முடிந்தது. தன் பங்குதாரர் வந்து பார்த்தால்தான் மீதிப் பணம் என்றார் டாக்டர். பங்குதாரர் வெளியூர். மூன்று நாள் பதினெட்டு நாளாயிற்று.

பத்தொன்பதாம் நாள் காலை பட்டறை வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. அம்மாள் கணவரையும் கூட்டி வந்திருந்தார். "நம்ம பலகைய ஒரு தடவ தொட்டுப் பாக்கணுமாம் இவருக்கு" என்றார். அவர் நாற்காலியில் இருந்தபடி நல்ல கையை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார்.

சுவரோரம் வேறு யாருடையதோ இரண்டு பலகை சாய்ந்திருந்தது. அதைக் காட்டிவிடு, காட்டிவிடு என்று என் மனசு அடித்துக்கொண்டது. தம்பி தலையைத் தொங்கப்போட்டான்.

"இல்லம்மா. உங்க பலகை இன்னும் வாங்கல. பணத்த வேற வேலைக்குச் செலவு பண்ணிட்டேன். ஒரு வாரம் குடுங்க."

அம்மாள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். கைப்பையிலிருந்து என் கையெழுத்துத் தாளை எடுத்துப் பிரித்தார். "அறுக்கறதுக்கு முன்னாடி வேண்டாம்னா முழுசா திருப்பித் தருவீங்கன்னு போட்டிருக்கு. வேண்டாம்பா. ரெண்டு நாள்ல குடுத்துடு." கணவரின் நீட்டிய கையைப் பிடித்து மெதுவாக மடியில் வைத்தார்.

இரண்டு நாளில் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? பழைய முதலாளிதான் அறுவை மெஷினை எடுத்துக்கொண்டார், அடிமாட்டு விலைக்கு. மெஷினோடு ஆளையும் சேர்த்து எடுத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். தம்பி இப்போது அங்கே அதே மெஷினில் மாசச் சம்பளத்துக்கு அறுக்கிறான். டாக்டர் பணம் அதற்கு ஒன்பது நாள் கழித்து வந்தது. மெஷினைத் திருப்பிக் கேட்டோம். முதலாளி சிரித்தார்.

மெஷினை விற்ற கையோடு நர்ஸ் அம்மாளிடம் பணத்தைக் கொடுக்க இருவரும் போயிருந்தோம். சமையலறையில் தம்பி பென்சிலால் போட்ட அளவுக் கோடுகள் சுவரில் அப்படியே இருந்தன. அம்மாள் எண்ணிப் பார்க்காமல் மேஜைமேல் வைத்தார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அன்னிக்கு நீ பணம் கேட்டப்ப எனக்குத் துளி சந்தேகம் வரல. அவ்வளவு நல்லா சொன்ன. அப்படிப் பேச உனக்கு யாருப்பா சொல்லிக்குடுத்தது?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் இல்லம்மா. நானா கத்துக்கிட்டதுதான்" என்றான்.