கை பட்டது. அவள் விழுந்தாள்.

இலங்கை மலையகத்தில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். தோட்டத்தில் அடிதடியோ விபத்தோ நடந்தால், பார்த்தவர் சொல்வதைத் தமிழில் எழுதி ஆபீசில் கொடுப்பதும் என் வேலை. கிளாக்கர் அதை இங்கிலீஷாக்கித் தோட்டத் தொரைக்கு வாசிப்பார்.

பயந்த மனிதர் துண்டு துண்டாகத்தான் பேசுவார். "மழ பேஞ்சுச்சு. நான் ஓடுனேன். வழுக்குச்சு. விழுந்தேன். கூடை போயிருச்சு." அப்படியே எழுதினால் படிக்கிறவருக்கு மூச்சு முட்டும். "மழை பெய்யவே, ஓடி வழுக்கி விழுந்து கூடையைத் தவறவிட்டேன்" என்று நான் கோத்துவிடுவேன். ஓடியதும் வழுக்கியதும் விழுந்ததும் ஒரே ஆள் என்பதால் ஓடி, வழுக்கி, விழுந்து என்று வரிசையாகச் சேரும். மழை வேறு, ஆகவே அதற்குப் 'பெய்யவே'. இதைக் கை தானாகச் செய்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று பிற்பகலில் மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கியது. என் மகளும் பக்கத்து லயத்து வீட்டுப் பெண்ணும் பாறையோரம் ஊற்றுநீர் கொட்டும் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனார்கள். மகள் மட்டும் திரும்பினாள். குடம் அவள் கையில் இல்லை. மற்றவளைப் பாறைக்குக் கீழே ஓடைக்கரையில் கண்டெடுத்துத் தோட்ட ஆஸ்பத்திரியில் போட்டார்கள். மூச்சு இருந்தது, பேச்சு இல்லை.

மறுநாள் காலை ஆபீசுக்கு என் மகளைக் கூட்டிப் போனேன். அந்தப் பெண்ணின் தாயும் வந்து சுவரோரம் நின்றாள். வேறு யார் எழுத? நானே எழுதினேன். மகள் சொன்னாள், நான் எழுதினேன்.

பாறையில் நின்றோம். பனி மூடியது. கை பட்டது. அவள் விழுந்தாள்.

பேனா வழக்கம்போல் இணைக்கப் போயிற்று. "கை பட்டு அவள் விழுந்தாள்" என்று எழுதத் தொடங்கி நின்றுவிட்டேன். முற்றுப்புள்ளி போய் அந்தச் சிறு 'பட்டு' வந்தவுடன், விழுந்ததற்குக் கையே காரணமாகிவிடுகிறது. அங்கே இருந்ததோ இரண்டே பேர். கை யாருடையது என்று தொரை கேட்க மாட்டார். கேட்கத் தேவையே இராது. என் மகளைப் பதுளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். எழுதியதை அடித்துவிட்டு நான்கையும் தனித்தனியாகவே விட்டேன்.

கிளாக்கர் வாங்கிப் பார்த்தார்.

"என்னங்க கணக்கப்பிள்ளை, ஒங்க எழுத்து ரோட்டுல வண்டி மாதிரி ஓடுமே? இன்னிக்கு மாடு படுத்துக்கிச்சா?"

"அவ சொன்னபடியே இருக்கட்டுங்க."

"ஊரான் புள்ள சொன்னா கோத்துக் கோத்து எழுதுவீங்க. ஒங்க புள்ளைன்னா மட்டும் கல்லு கல்லா கெடக்கணுமா?"

சுவரோரம் நின்றவள் வாய் திறந்தாள். "கை பட்டுச்சுன்னு சொன்னாளே. யாரு கை சாமி?"

மகள் சொன்னாள், ஜன்னலைப் பார்த்தபடி.

"எனக்குத் தெரியாது சின்னம்மா. மொதல்ல என் முதுகுலதான் பட்டுச்சு. ஈரமா இருந்துச்சு. அவதான் வெளையாடுறான்னு நெனச்சேன். பாத்தா அவ எனக்கு முன்னால நிக்கிறா. நான் வெலகிட்டேன்."

"வெலகி?" என்றாள் தாய்.

"அப்பறம் அவ விழுந்தா."

கிளாக்கர் சிரிக்கவில்லை. வேறு தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். இரண்டு முற்றுப்புள்ளிகளுக்கு நடுவே நான் காக்க நினைத்த இடத்தில் மகள் சொன்ன இந்த வேறொரு கை இருந்திருக்கிறது. இப்போது சேர்க்காமல் விட்டால், அங்கே என் மகளின் கையைத்தான் எல்லாரும் வைப்பார்கள். எழுதினேன்: "பாறையில் நின்றுகொண்டிருக்கையில் பனி மூட, பின்னாலிருந்து ஒரு கை என் முதுகில் பட்டது, நான் பயந்து விலகவே, எனக்கு முன்னால் நின்றவள் விழுந்தாள்." விலகியது ஒருத்தி, விழுந்தது இன்னொருத்தி. 'விலகி' என்று எழுத முடியாது. 'விலகவே' என்றால் முடியும். ஆனால் அந்த 'விலகவே' மகளின் மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றியது என்று எனக்குத் தெரியும். வாசித்துக் காட்டினேன். "ஆமாப்பா, அப்படித்தான்" என்றாள்.

தொரை கேட்டுவிட்டு, பனியில் பெண்பிள்ளைகள் மிரண்டிருக்கிறார்கள், விபத்துதான் என்று கையெழுத்துப் போட்டார். அந்தத் தாய் படியிறங்கிப் போனாள். அவள் நம்பவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது.

சில நாள் கழித்து அவளே எங்கள் வாசலுக்கு வந்தாள். தன் மகளுக்குப் பேச்சு வந்துவிட்டதாம். வாக்குமூலத்தைப் பற்றி யாரும் அவளிடம் மூச்சு விடவில்லையாம்.

"என்ன சொன்னா?" என்றேன்.

"'அவ வெலகுனா, அது என்னத் தொட்டுச்சு'ன்னு சொல்றா சாமி. திரும்பத் திரும்ப அதையே சொல்றா."

என் மகள் உள்ளே அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவது நின்றது. இன்றும் அவளைத் தனியாகப் பீலிக்கு அனுப்புவதில்லை. நானே குடத்தை எடுத்துக்கொண்டு, பனி இறங்குமுன் போய் வந்துவிடுகிறேன்.