ஞாயிறு நள்ளிரவு எந்தக் கிழமை?

ஓசூர் சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. அங்கே கணினிப் பிரிவைக் கவனித்தவர் கமலக்கண்ணன். விருதுநகரிலிருந்து வந்தவர். தவறு எப்போதும் எதிராளியிடம்தான் இருக்கும் என்பது அவர் கொள்கை.

2006இல், பராமரிப்பு ஆட்களுக்கு வேலை தொடங்க ஆறு மணி நேரம் முன்பே செல்போனில் குறுஞ்செய்தி போகும்படி ஒரு நிரல் எழுதினார். முதல் சோதனையே உலையைச் சுத்தம் செய்யும் வேலை. "ஞாயிறு நைட் பன்னெண்டு மணிக்கு," என்றார் மேலாளர் ஹரீஷ்குமார். கமலக்கண்ணன் ஞாயிற்றுக்கிழமைத் தேதியைப் போட்டு, பக்கத்தில் 12:00 AM என்று அடித்தார்.

கணினிக்கு ஞாயிற்றுக்கிழமை 12:00 AM என்றால், சனி முடிந்து ஞாயிறு பிறக்கும் நொடி. ஆகவே சனி மாலை ஆறு மணிக்கே, "இன்றிரவு 12 மணிக்கு வேலை" என்று செய்தி பறந்தது.

கல்லாவியில் அக்கா மகளின் காதுகுத்து விருந்தில் இருந்த ஃபிட்டர் வெங்கடப்பன், பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஊத்தங்கரைக்கு ஓடிப் பேருந்து பிடித்து வந்தார். உள்ளே உலை தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது.

திங்களன்று அவர் கேட்டார்: "ஏன் சார், இலையில உக்காந்தவன எழுப்பி இழுத்தாந்தீங்களே, எதுக்குங்க?"

"சிஸ்டம் சரியாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் டைம் பாக்கத் தெரியல," என்றார் கமலக்கண்ணன்.

ஆனாலும் அன்றே கதவைச் சாத்திக்கொண்டு நிரலில் ஒரு வரி சேர்த்தார்: 12 AM வந்தால் தேதியை ஒரு நாள் தள்ளு.

ஹரீஷ்குமாரோ இதற்குள் இருபத்துநான்கு மணிக் கணக்கைக் கற்றுத் தேர்ந்துவிட்டார். அடுத்த மாதம் அதே ஞாயிறு நள்ளிரவை, "திங்கள் 00:00" என்று முறையாக எழுதித் தந்தார். நிரலுக்கு 00:00ம் 12 AMம் ஒன்றுதான். அது விசுவாசமாக ஒரு நாள் தள்ளிச் செவ்வாய்க்குக் கொண்டுபோயிற்று. ஞாயிறு இரவு உலையை அணைத்துவிட்டு ஹரீஷ்குமார் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. திங்கள் மாலை, உலை மறுபடி முழு வேகத்தில் ஓடும்போது, எல்லோருக்கும் செய்தி வந்தது: "இன்றிரவு 12 மணிக்கு வேலை."

நிரலைத் திறந்து பார்த்த உதவிப் பொறியாளர் சுப்ரியாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சார், ஒரு தேதி பூஜ்யத்துலதான் ஆரம்பிக்குது. நீங்க அத முடிவுன்னு நெனச்சுட்டு, சரியா எழுதுனவரையும் தள்ளி விட்டுட்டீங்க."

கமலக்கண்ணன் முகம் சிவந்தது. அந்த வரியை நீக்கினார். நிரல் உண்மையிலேயே சரியாகிவிட்டது.

நம்பத்தான் ஆளில்லை. மேலாண்மைக் கூட்டம் நெடுநேரம் யோசித்து, இனி நள்ளிரவு என்பதே வேண்டாம், எல்லாம் இரவு 11:59 என்று தீர்மானித்தது. யோசனை தன்னுடையது என்று கமலக்கண்ணன் சொன்னார். ஆண்டு விழாவில் பரிசும் வாங்கினார். தொழிலாளர்கள் கைதட்டினார்கள். வெங்கடப்பன் மட்டும் எழுந்து கேட்டார்:

"அந்த மிச்ச ஒரு நிமிசத்துக்கு நாங்க என்னங்க சார் பண்றது?"

அதற்கும் ஒரு குழு போட்டார்கள்.