மூணு இலை போட்ட லோகநாயகி

குறிஞ்சிப்பாடி லோகநாயகி பதினாறு வருஷம் கல்யாண மண்டபத்தில் பந்தி பார்த்தவள். மாப்பிள்ளையின் தாய்மாமனையே "அடுத்த பந்திக்கு வாங்க" என்று எழுப்பிவிட்டதில் வேலை போனது. தாய்மாமன் அதற்கு முன்பே இரண்டு முறை சாப்பிட்டிருந்தார் என்பது வேறு கதை.

பிறகு சிதம்பரத்தில் சிங்காரத்தின் வீடியோ கடையில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். 2010இல் சிங்காரம், ஒரே நேரத்தில் எட்டு வேலை பார்க்கும் எட்டு கோர் மிஷின் வாங்கினார். மாலை போட்டுப் பொட்டு வைத்தார். மெமரி மட்டும் நாலு ஜிபி. மாலைக்குச் செலவழித்ததில் பாதியாவது அதற்குப் போட்டிருக்கலாம்.

அந்த வருஷம் ஒரு சிறுமிகள் நாட்டியப் போட்டியை வீடியோ எடுத்தார்கள். முப்பத்திரண்டு ஆட்டம், ஆளுக்கொரு டிஸ்க், மறுநாள் மாலை ஐந்து மணிப் பரிசளிப்பில் கையில் கொடுக்க வேண்டும்.

"அஞ்சு மணிக்கு டிஸ்க் இல்லன்னா, நீ மறுபடி சாம்பார் வாளி தூக்கத்தான் போவணும்" என்றார் சிங்காரம். சொல்லிவிட்டு, எட்டு கோர் இருக்கிறதே என்று காலை பத்து மணிக்கு எட்டு வீடியோவை ஒன்றாக, டிஸ்குக்கு ஏற்றபடி மாற்றும் என்கோடிங்கில் தட்டிவிட்டவரும் அவர்தான்.

பதினொன்றரைக்கும் எல்லாம் நாலு சதவீதத்திலேயே நின்றன. மவுஸ் அம்பு மாட்டு வண்டியாய் நகர்ந்தது. ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையவே இல்லை.

"மிஷினு பழுதா, லோகா?"

"எடம் பத்தல, அண்ணே. மெமரி ரொம்பிப் போயி, எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்க்ல எறக்கி எறக்கி ஏத்துது. வேல எங்க நடக்கும்?"

எட்டையும் நிறுத்தினாள். ஒன்றை மட்டும் ஓட விட்டு, எது எவ்வளவு மெமரி தின்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். ஐந்நூறு எம்பியில் தொடங்கியது, பாதியில் தொள்ளாயிரத்தைத் தொட்டது. அதற்கு மேல் ஏறவில்லை.

"விண்டோஸுக்கு ஒரு ஜிபி விடணும். மிச்சத்துல மூணுதான் உக்காரும்."

"எட்டு கோர வச்சிக்கிட்டு மூணா? மீதி அஞ்சும் பல்லு குத்துமா?"

"பரிமாற எட்டு பேரு இருந்தா எட்டு பந்தி போடுவீங்களா? கூடத்துல எத்தினி எல விழுதோ அத்தினிதான். ஒரு எலைக்கு ரெண்டு மூணு பேரு பரிமாறுவாங்க. எந்த கோரும் சும்மா நிக்காது."

மூன்று ஓடின. ஒன்று முடிந்த பிறகே அடுத்ததை உட்கார வைத்தாள். மவுஸ் ஓடியது. சிங்காரம் பக்கத்திலிருந்த பழைய மிஷினில் டிஸ்க் எழுதிக்கொண்டே, "நாலாவது ஒண்ணு..." என்று இரண்டு முறை கேட்டு, இரண்டு முறையும் திட்டு வாங்கினார்.

மூன்று மணிக்கு அவர் குழைந்தார். "எம் பொண்ணு மகேஸ்வரி ஆட்டத்த மட்டும் நடுவுல சொருவேன்."

"எல காலியாவட்டும்."

நாலே காலுக்கு மகேஸ்வரி ஆட்டம் தவிர முப்பத்தொன்றும் முடிந்தன. சிங்காரம் அவள் நாற்காலிக்குப் பின்னால், பசித்த சம்பந்தி போல நின்றார்.

"இப்பயாச்சும்?"

"உக்காருங்க அண்ணே. கடைசிப் பந்தி ஒங்களுதுதான்."